சதுர அடிக்கா, வீட்டுக்குச் சமமா?

எல்லாருக்கும் வணக்கம். நம் குடியிருப்பின் 40 வீடுகளுக்கும் சேர்த்து மாதப் பராமரிப்புச் செலவு 1,60,000 ரூபாய் என்று பட்ஜெட் போட்டிருக்கிறோம். காவலாளி, லிஃப்ட், தண்ணீர் லாரி எல்லாம் போக, பெயிண்ட் மாதிரி பெரிய வேலைக்கான சேமிப்பு 20,000 அதில் அடக்கம்.

சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 4,000. கணக்கு சுலபம். சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் 800 சதுர அடி வீடுகள் இருபதும் தலா 3,200, 1,200 சதுர அடி வீடுகள் இருபதும் தலா 4,800 தர வேண்டும்.

காவலாளி எல்லா வீட்டுக்கும் பொதுதானே என்று பெரிய வீட்டுக்காரர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் பெரிய வீட்டுக்கு வெளிச்சுவர் அதிகம், பெயிண்ட் செலவும் அதிகம்.

இடிப்பது தண்ணீர்தான். பெரிய வீட்டில் இருவர், சின்ன வீட்டில் ஆறு பேர் இருந்தால் இரண்டு முறையுமே சரிவராது. அதனால் இப்போதைக்குச் சதுர அடிக் கணக்கு, மீட்டர் பொருத்தியதும் லாரிச் செலவு மட்டும் தனி பில். இதுவே கமிட்டியின் யோசனை.