பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு டிஃப் என்றார்கள்

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே, அமெரிக்காவில் வீட்டுப் பத்திரங்களைப் பதிவுக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்துக்கு ஆவண வேலை பார்க்கிறேன். அங்கே நிலப்பதிவு, நம்மூர் மாவட்டம் போன்ற கவுண்டி வாரியாக நடக்கும். சில கவுண்டிகளின் இ-ஃபைலிங்கில் பிடிஎஃப் செல்லாது, டிஃப் என்ற வகைப் படக் கோப்புதான் வேண்டும். அதுவும் பக்கமெல்லாம் ஒரே கோப்பில், கறுப்பு வெள்ளையில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற 300 டிபிஐயில், குரூப் 4 என்ற சுருக்க முறையில் இருக்க வேண்டும்.

போன மாதம் அப்படி ஒரு பத்திரம் வந்தது. 18 பக்கம், கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஸ்கேன் செய்தது. என் கணினி பழுதுக்குப் போயிருந்ததால், பென் டிரைவோடு வண்ணார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பக்கத்துக்கு 20 ரூபாய், மொத்தம் 360. ரெண்டே நிமிஷத்தில் "ஆயிட்டு அண்ணாச்சி" என்று அந்தத் தம்பி கொடுத்துவிட்டார்.

நண்பர் வீட்டு லேப்டாப்பில் அதைத் திறந்தால் திறக்கவில்லை. கடைக்கு போன் போட்டேன். "உங்க சிஸ்டத்துல அதுக்கு சாஃப்ட்வேர் இருக்காது அண்ணாச்சி, ஏத்துங்க, ஏறிரும்" என்றார். நம்பி ஏற்றினேன். வடிவம் சரியில்லை என்று தளம் திருப்பிவிட்டது.

அப்போதுதான் கோப்பின் அளவைப் பார்த்தேன். பிடிஎஃப் 1,412 கேபி, இதுவும் 1,412 கேபி. நிஜமாகவே மாற்றியிருந்தால் அளவு அப்படியே இருக்க வழியில்லை. நோட்பேடில் திறந்தேன். முதல் வரியிலேயே `%PDF-1.7` என்று இருந்தது. கோப்பின் பெயர்க் கடைசியில் இருந்த `.pdf`-ஐ அழித்து `.tif` என்று எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். இந்தச் சோதனையை யாரும் செய்யலாம். உண்மையான டிஃப் கோப்பை நோட்பேடில் திறந்தால் தொடக்கத்தில் `II` அல்லது `MM` என்ற எழுத்துகள் இருக்கும், அதன்பிறகு வருவது புரியாத குறிகள்தான்.

திரும்பக் கடைக்குப் போனேன். வருத்தம் தெரிவித்துவிட்டு, இந்த முறை நிஜமாகவே மாற்றினார். ஆனால் 18 பக்கமும் 18 தனிக் கோப்புகள், எல்லாம் கலரில், ஒவ்வொன்றும் 25 எம்பி. அமெரிக்க லெட்டர் தாள் 300 டிபிஐயில் 2550-க்கு 3300 புள்ளி. கலர் என்றால் ஒரு புள்ளிக்கு 3 பைட். சுருக்காமல் விட்டால் 25 எம்பிதான் வரும். கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரே பிட், குரூப் 4 சுருக்கமும் சேர்ந்தால் எழுத்துப் பக்கம் நூறு கேபிக்குள்ளேயே அடங்கும். தளம் கேட்டது ஒரே கோப்பு என்பதால் இதுவும் பயன்படவில்லை. இதற்கும் தனியாக 360 கேட்டார். கொடுக்க மறுத்துவிட்டேன்.

கணினி கைக்கு வந்த பிறகு நானே செய்தேன். இமேஜ்மேஜிக், கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற ரெண்டு இலவச மென்பொருளும் வேண்டும். பிடிஎஃபைப் படிப்பது கோஸ்ட்ஸ்கிரிப்ட்தான். பிடிஎஃப் இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இந்த வரியைக் கொடுத்தேன்.

```
magick -density 300 deed.pdf -background white -alpha remove -colorspace gray -threshold 60% -compress Group4 deed.tif
```

`-density 300` கோப்பின் பெயருக்கு முன்னால் வரவேண்டும். பின்னால் போட்டால் பக்கம் 72 டிபிஐயில் படிக்கப்பட்டு எழுத்து கலங்கிப்போகும். அடுத்தது, கவனம் வேண்டிய இடம் `-threshold`. 60% என்றால் அதைவிட வெளிர்ந்த புள்ளியெல்லாம் வெள்ளையாகிவிடும். என் முதல் முயற்சியில் எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்தது, ஆனால் 17-ஆம் பக்கத்தில் வெளிர் நீல மையில் போட்ட கையெழுத்தின் பாதியைக் காணோம். 75% வைத்ததும் முழுசாக வந்தது. இன்னும் கூட்டினால் தாளின் அழுக்கு கறுப்புப் பொட்டாக ஏறும். கையெழுத்தும் முத்திரையும் உள்ள பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். கையெழுத்து பாதி அழிந்த பத்திரம் தளத்தில் தடையில்லாமல் ஏறிவிடும், ஏனென்றால் அது பார்ப்பது வடிவத்தை மட்டும்தான்.

கடைசியாக `magick identify deed.tif` என்று கொடுத்தால் பக்கத்துக்கு ஒரு வரி வரும். 18 வரி வந்தது, ஒவ்வொன்றிலும் `2550x3300`, `1-bit` என்று இருந்தது. கோப்பு ஏறியது. ஆனால் வெள்ளிக்கிழமை முடிய வேண்டிய பதிவு திங்களுக்குத் தள்ளிப்போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரெண்டாவது முறை எப்படி மாற்றினீர்கள் என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் ஏற்றி இறக்கினாராம். இரண்டு பேரின் கையெழுத்தும் முகவரியும் உள்ள பத்திரம், யாருடையது என்றே தெரியாத சர்வருக்குப் போயிருக்கிறது. கடைக் கணினியின் டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் இருந்ததைப் பக்கத்தில் நின்று அழிக்கவைத்தேன். அந்தச் சர்வரில் போனதை அழிக்க எனக்கு வழியில்லை. அன்றிரவே அலுவலகத்துக்கு நடந்ததை முழுசாக எழுதி அனுப்பினேன்.