நுவரெலியாக் குளிரில் எந்த நிரப்பு கரைசல்: நிரம்பியதா, 3 மூலா?

தோட்டங்களின் பீலிகளிலும் செம்மண் ஊற்றுகளிலும் பிளாற்றின மின்வாயால் தாழ்த்தேற்ற அழுத்தம் அளக்க, மேற்கோள் மின்வாயாக வெள்ளி–வெள்ளி குளோரைட்டு மின்வாய் போதும். கலோமல் மின்வாயில் பாதரசம் இருக்கிறது. களத்துக்கு அதை எடுத்துச் செல்ல வேண்டிய தேவையில்லை. உண்மையான தெரிவு உள்ளே ஊற்றும் பொற்றாசியம் குளோரைட்டில்தான். எங்கள் தெரிவு லீற்றருக்கு 3 மூல் கரைசல், அதாவது லீற்றருக்கு சுமார் 224 கிராம்.

நிரம்பிய கரைசலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நீர் ஆவியானாலும் அதன் செறிவு மாறாது. 3 மூல் கரைசல் ஆவியானால் செறிவு கூடும், ஆகவே நிரப்பு துளையை மூடி வைத்து, அளக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். ஆனால் 25 பாகையில் நிரம்பிய கரைசலை 15 பாகை ஊற்றில் இறக்கினால் மிகுதி உப்பு பளிங்காகி, உள்கரைசல் வெளிநீரைத் தொடும் சந்தியை அடைக்கிறது. வாசிப்பு மெல்ல நகரும், கலக்கினால் துள்ளும். இளஞ்சூடான காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் அடைப்பு நீங்கும். 3 மூல் கரைசல் 0 பாகையிலும் பளிங்காகாது. மலைநாட்டுக் காலைக் குளிருக்கு இந்த ஒரு வேறுபாடே போதுமான காரணம்.

இனி மாற்றுக் கணக்கு. மீற்றர் காட்டும் `E` மேற்கோள் மின்வாய் சார்ந்த எண். அதை நியம ஐதரசன் அளவான `Eh`க்குக் கொண்டுவர மேற்கோள் மின்வாயின் அழுத்தமான `Eref` ஐக் கூட்ட வேண்டும்:

```
Eh = E + Eref
```

`Eref` வெப்பநிலையோடு மாறும். 3 மூலுக்கு 25 பாகையில் 209, 15 பாகையில் 216 மில்லிவோல்ற்று. நிரம்பியதற்கு அவை 199, 209. ஊற்றில் 15 பாகையில் 3 மூல் மின்வாய் +92 காட்டினால், Eh 308. பாடநூலில் காணும் 199ஐக் கூட்டினால் 291 வரும்; 17 மில்லிவோல்ற்று பிழை. மீற்றரின் வெப்பநிலைத் திருத்தம் பொதுவாக pHக்கு மட்டுமே, இந்தக் கூட்டலை அது செய்து தராது.

சரிபார்க்க ஸோபெல் கரைசல் போதும். ஒரு லீற்றருக்கு 1.408 கிராம் மும்மை நீரேறிய பொற்றாசியம் பெரோசயனைட்டு, 1.0975 கிராம் பெரிசயனைட்டு, 7.456 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு. 15 பாகையில் அதன் Eh சுமார் 455. 3 மூல் மின்வாயில் 239 வர வேண்டும். 10க்கு மேல் விலகினால் முதலில் நிரப்பு கரைசலைப் புதிதாக்குங்கள், பிறகு பிளாற்றின மின்வாயை மெருகிடுங்கள். இந்தக் கரைசலை அமிலக் கழிவோடு சேர்க்கக் கூடாது, நச்சான ஐதரசன் சயனைட்டு வரலாம்.

இரட்டைச் சந்தி மின்வாயில் `Eref` ஐத் தீர்மானிப்பது உள்ளறையின் கரைசல். வெளியறையில் எதை ஊற்றினாலும் பெரிதாக மாறாது. ஆகவே ஏட்டில் உள்ளறைக் கரைசல், வெப்பநிலை, மீற்றர் காட்டிய வாசிப்பு மூன்றையும் எழுதுங்கள். ஒட்சிசன் நிறைந்த, இரும்பு அற்ற தெளிந்த பீலித் தண்ணீரில் எந்த மின்வாயும் நிலையான எண் தராது. அங்கே வரும் வாசிப்பை ஒரு சமநிலை அழுத்தமாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.