துறை சராசரியா, இடைநிலையா?

ஒரு பங்கின் பி/இ, அதாவது பங்கின் விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்து வரும் விகிதம், 24 என்று வைத்துக்கொள்வோம். அதே துறையில் உள்ள மற்ற ஐந்து நிறுவனங்களின் பி/இ 14, 16, 18, 20, 132. கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 40. அதன் பக்கத்தில் 24 மலிவாகத் தெரியும். வரிசையில் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலையை எடுத்தால் 18தான். இப்போது அதே 24 விலை அதிகம்!

அந்த 132 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் லாபம் ஓராண்டு சரிந்திருக்கும். வகுக்கும் எண் சுருங்கினால் விகிதம் எகிறும்; சந்தை அதை உயர்வாக மதிக்கிறது என்று பொருளல்ல. அதனால் பி/இ ஒப்பீட்டுக்கு என் தேர்வு இடைநிலைதான்.

நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்துக்குப் பி/இ கிடையாது, சராசரியில் அதை விட்டுவிட வேண்டியதுதான். இடைநிலையிலோ அதை ஆறாவதாக வரிசையின் உச்சியில் வைத்துவிடலாம்: நடுவில் 18, 20 இரண்டும் நிற்கும், இடைநிலை 18லிருந்து 19க்கு நகரும், அவ்வளவே.

ஆனால் மூன்று நான்கு போட்டியாளர்களே இருந்தால் இடைநிலையும் தடுமாறும். அப்போது ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒப்பிடும் நிறுவனத்தையே பட்டியலில் சேர்த்துவிடவும் கூடாது.