விலகியவரின் கணக்கை நீக்கச் சொன்னோம், ஆறு ஆண்டு வேலை காணாமல் போனது

எங்கள் அலுவலகத்தில் 12 பேர். அனைவருக்கும் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கணக்கு உண்டு. அதன் லைசென்ஸை ஒரு முகவரிடம் ஆண்டுத் திட்டத்தில் வாங்கினோம். அட்மின் வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார். கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் விலகியதும், அவருடைய கோப்புகளை என் பெயருக்கு மாற்றிவிட்டுக் கணக்கை நீக்குங்கள், அந்த லைசென்ஸைப் புதிதாகச் சேர்பவருக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டிருந்தேன். மார்ச் 3 அன்று மாலை, "எல்லாம் மாத்தியாச்சு மேடம், பாத்துக்கோங்க" என்று பதில் வந்தது.

பார்த்தேன். என் டிரைவில் விலகியவரின் மின்னஞ்சல் முகவரியையே பெயராகக் கொண்டு ஒரு ஃபோல்டர் வந்திருந்தது. உள்ளே இன்வாய்ஸ்கள், மாத அறிக்கைகள், எல்லாருக்கும் தெரிந்த ஷீட்டுகள். சரி, முடிந்தது என்று மூடிவிட்டேன். நான் செய்த தவறு அதுதான்.

மார்ச் 29 அன்று ஒரு பழைய வாடிக்கையாளருக்கு விலை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் எந்த அடிப்படையில் தள்ளுபடி கொடுத்தோம் என்று, வேலையை விட்டு விலகியவர் ஆறு ஆண்டுகளாக எழுதி வைத்திருந்த ஷீட்டைத் தேடினேன். இல்லை. அவருக்கே போன் போட்டேன். "அதை நான் யாருக்கும் ஷேர் பண்ணலையே, என் டிரைவிலேயே தானே இருந்துச்சு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஃபோல்டரில் வந்திருந்த ஒவ்வொரு கோப்பும் முன்பே யாருடனாவது பகிரப்பட்டது. அவர் தனக்கென்று வைத்திருந்த ஒன்றுகூட வரவில்லை.

காரணம் ஒரே ஒரு டிக். அட்மின் கன்சோலில் ஒருவரை நீக்கும்போது, அவருடைய டிரைவ் கோப்புகளை யாருக்கு மாற்றுவது என்று கேட்கும். அங்கேயே, யாருடனும் பகிராத கோப்புகளையும் சேர்க்கவா என்று தனியாக ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்யாவிட்டால் பகிர்ந்தவை மட்டும்தான் மாறும். மற்றவை கணக்கோடு போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேலை முழுதாக முடிந்தது போலவே தெரியும், ஏனென்றால் ஃபோல்டர் காலியாக இருக்காது.

இதிலும் மீள வழி இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். நீக்கிய கணக்கை 20 நாட்களுக்குள் மீட்டெடுக்கலாம். `Directory > Users` பக்கத்தில் சமீபத்தில் நீக்கியவர்களை வடிகட்டிப் பார்த்து, மீட்டு, கோப்புகளைச் சரியாக மாற்றிவிட்டு மறுபடி நீக்கலாம். அதற்கு ஒரு லைசென்ஸ் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கண்டுபிடித்தது 26-வது நாள். முகவரிடம் கேட்டபோது, "அப்படி ஒரு ஃபைல் இருந்திருந்தா வந்திருக்குமே" என்றார். டிக் செய்தீர்களா என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

லைசென்ஸ் கதை வேறு. அடுத்த பில்லில் 13 லைசென்ஸ் இருந்தது. புதியவருக்காகக் கூடுதலாக ஒன்று வாங்கினாராம். ஆண்டுத் திட்டத்தில் ஒருவரை நீக்கினால் பணம் குறையாது. ஆனால் அந்த இடம் காலியாகும், அடுத்தவருக்கு அப்படியே கொடுக்கலாம். அதாவது ஏற்கெனவே பணம் கட்டிய ஓர் இடம் சும்மா கிடக்க, அவர் இன்னொன்றை விற்றிருக்கிறார். ஆண்டின் நடுவில் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. `Billing > Subscriptions` பக்கத்தில் வாங்கியது எத்தனை, ஒதுக்கியது எத்தனை என்று இருக்கிறது. அன்றே திறந்திருந்தால் 13-க்கு 12 என்று தெரிந்திருக்கும்.

இப்போது யாராவது விலகினால், கடைசி வேலை நாளில் அவரையே பக்கத்தில் உட்காரவைத்து டிரைவ் தேடலில் இதை அடிக்கச் சொல்கிறேன்:

```
owner:me
```

அவருக்குச் சொந்தமான கோப்புகள் எல்லாம் வரும். பகிராமல் வைத்திருப்பவற்றில் முக்கியமான நான்கைந்தின் பெயரைக் குறித்துக்கொள்கிறேன். பிறகு கணக்கை உடனே நீக்காமல் முடக்கி மட்டும் வைக்கிறோம். முடக்கினாலும் லைசென்ஸுக்குப் பணம் போகத்தான் செய்யும், ஆனால் கோப்புகள் பத்திரமாக இருக்கும். நீக்கும் நாளில் அந்தப் பெட்டியை நானே டிக் செய்கிறேன். குறித்த பெயர்களை என் டிரைவில் தேடிப் பார்க்கிறேன். ஒன்று குறைந்தாலும் 20 நாள் கெடு கையில் இருக்கிறது. குழுவுக்குப் பொதுவான கோப்புகளை ஷேர்டு டிரைவுக்கு நகர்த்திவிட்டோம். அங்கே கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் அது போகாது.

அந்த முகவரின் அட்மின் உரிமையை எடுத்துவிட்டோம். 13-வது லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி வரை காலியாகத்தான் கிடக்கும். விலகியவர் பெரிய மனதோடு இரண்டு சனிக்கிழமை வந்து, நினைவிலிருந்து 40 வாடிக்கையாளர்களின் தள்ளுபடிக் கணக்கை எழுதிக் கொடுத்தார். மற்றவர்களுக்குப் பழைய இன்வாய்ஸ்களைப் புரட்டி நாங்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.