குறும்பாடக் காணொளியா, மெய்நிகர் அருங்காட்சியக உலாவா? ‘இரவுக் காவல்’ ஓவியத்தை வைத்து ஓர் ஒப்பீடு

ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தை இணையத்தில் பாடமாக நடத்த வேண்டும். ஆசிரியரிடம் ஒரு சாதாரண மடிக்கணினியும் மைக் வைத்த இயர்போனும். மாணவர்களிடம் போனும் அளவான டேட்டாவும். 5 நிமிடக் காணொளி செய்வதா, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துக்குள் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் வழியாக அழைத்துப் போவதா?

ஓவியத்தின் முக்கியமான கதையைச் சொல்லக் காணொளிதான் சரி. 1715-இல் இதை ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்குக் கொண்டுபோனபோது, சுவரில் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டினார்கள். அதிகம் போனது இடப்பக்கம். வெட்டுவதற்கு முன் கெரிட் லுண்டன்ஸ் வரைந்த சிறிய நகல் இருப்பதால் இழந்தது என்னவென்று தெரிகிறது. நகலில் காவல் படையின் கேப்டனும் மஞ்சள் உடை லெப்டினன்டும் நடுவிலிருந்து சற்று வலப்பக்கமாக நடந்து வருகிறார்கள். இன்றைய ஓவியத்தில் நட்டநடுவில் நிற்கிறார்கள். இரண்டு படங்களையும் ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்தால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். உலாவில் இதைக் காட்ட வழியில்லை.

படத்தை ரைக்ஸ்மியூசியம் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கலாம். காப்புரிமைத் தடை இல்லை. அளவைக் கவனியுங்கள். காணொளியின் அகலம் 1280 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், 4 மடங்கு நெருங்கிக் காட்ட மூலப்படம் குறைந்தது 5120 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், கேப்டனின் கை நிழல் லெப்டினன்டின் மஞ்சள் உடைமேல் விழும் இடம், பாடத்தில் மிக முக்கியமான அந்த இடம், குழம்பித் தெரியும்.

இன்னொரு சிக்கல் இந்த ஓவியத்துக்கே உரியது. பின்னணி முழுக்க இருட்டு. காணொளியை அதிகம் சுருக்கினால் அந்த இருட்டு பட்டை பட்டையாகவும் கட்டம் கட்டமாகவும் உடையும். மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் ஜூம் அதை இன்னும் மோசமாக்கும். ஆகவே படத்தை நகர்த்தாதீர்கள். முழு ஓவியம், கை நிழல், இடுப்பில் கோழி தொங்கும் சிறுமி, லுண்டன்ஸ் நகல் என நான்கு நிலைப்படங்களை வெட்டி வெட்டிக் காட்டினாலே போதும். (அந்தக் கோழியின் நகம் காவல் படையின் சின்னம்; சிறுமி அங்கே சும்மா நிற்கவில்லை.) சுருக்குவதற்கு ffmpeg என்ற மென்பொருளில் இந்தக் கட்டளை:

```
ffmpeg -i paadam.mp4 -vf scale=-2:720 -c:v libx264 -crf 24 -tune stillimage -c:a aac -ac 1 -b:a 64k out.mp4
```

நொடிக்கு 1 மெகாபிட் ஆனாலும் 5 நிமிடத்துக்கு 38 எம்பிதான். நிலைப்படங்களுக்குப் பெரும்பாலும் அவ்வளவும் ஆகாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கி இருட்டைக் கெடுத்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

காணொளி தோற்கும் இடம் ஒன்று உண்டு: அளவு. ஓவியம் சுமார் 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். முன்வரிசை ஆட்கள் கிட்டத்தட்ட ஆள் உயரம். போன் திரையில் அது தபால் அட்டை. எண்ணைச் சொன்னாலும் மனதில் ஏறாது. உலாவில் ஏறும். அதற்குக் காரணம் கட்டடம். 1885-இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தை கைப்பர்ஸ் இந்த ஓவியத்தை மையமாக வைத்தே வடிவமைத்தார். இரு பக்கமும் ஓவியங்கள் தொங்கும் நீண்ட கூடத்தின் கடைசியில், கோயிலில் மூலவர் தெரிவதுபோல இது தெரிகிறது. ஒரு தேசம் எந்த ஓவியத்தைத் தன் நடுவில் வைத்தது என்பதும் கலை வரலாறுதான்.

ஆனால் உலாவை ஜூம் செயலியில் திரைப்பகிர்வாக நடத்துவது வீண். ஒவ்வொரு அடிக்கும் புதிய படத்துண்டுகள் இறங்க வேண்டும். ஆசிரியர் திரும்பும் வேகத்தில் மாணவர்களுக்கு மங்கல்தான் வந்து சேரும். ஒவ்வொரு வகுப்புக்கும் அவரே மறுபடி நடக்கவும் வேண்டும். இணைப்பை மட்டும் கொடுத்து அவரவர் வேகத்தில் போகவிடுங்கள். இணைப்பு வாசலில் அல்லாமல் அந்த நீண்ட கூடத்திலேயே திறக்கட்டும். இல்லாவிட்டால் பாதிப்பேர் மாடிப்படியில் தொலைந்துபோவார்கள். முந்தைய நாள் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். உலாவில் இருப்பது என்றோ எடுத்த படம்; 2019-இல் தொடங்கிய ஆய்வுப் பணிக்காக ஓவியத்தைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டியதுபோன்ற மாற்றங்கள் அதில் இருக்க வேண்டும் என்பதில்லை.

தூரிகைத் தடம் பார்க்க உலாவுக்குள் ஜூம் செய்யச் சொல்லாதீர்கள். அதற்கு 2022-இல் அருங்காட்சியகம் வெளியிட்ட 717 கிகாபிக்சல் படம் தனியாக இருக்கிறது.

ஒன்றுதான் முடியும் என்றால் காணொளியைச் செய்யுங்கள். இரண்டும் முடிந்தால் முதலில் காணொளி, பிறகு 10 நிமிட உலா, ஒரே ஒரு கேள்வியோடு: கூடத்தின் மறுமுனையில் நின்று பார்த்தால் எந்த உருவங்கள் இன்னும் அடையாளம் தெரிகின்றன? மஞ்சள் உடைக்காரரும் அந்தச் சிறுமியும் என்று பதில் வந்தால், ரெம்பிராண்ட் வெளிச்சத்தை எங்கே வைத்தார் என்ற அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.