சாதகமா, பிரசன்னமா: ஆறு வருடக் காதலை வீட்டில் சொல்ல நாள் கேட்கும்போது

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் தொடங்கி ஆறு வருடமாகிவிட்ட உறவு. பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது, களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஆசிரியை. பையன் அக்கரைப்பற்றில் வங்கி வேலை. இரண்டு வீட்டுக்கும் இன்னும் தெரியாது. "எப்போது சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது?" என்று சாத்திரம் கேட்க வருகிறாள் அந்தப் பெண். நம் பக்கத்தில் இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு இரண்டு வழி திறந்திருக்கிறது. ஒன்று, பிறந்த குறிப்பை விரித்துத் தசை, புத்தி, கோசாரம் பார்ப்பது. மற்றது, கேட்கிற நேரத்துக்கே இலக்கினம் போட்டுப் பிரசன்னம் பார்ப்பது. இரண்டுமே பலன்தான் சொல்கின்றன, ஆனால் அவை ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. பலர் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான்.

முதலில் சாதகம். அவளுக்குத் தனுசு இலக்கினம், கும்ப ராசி, சதய நட்சத்திரம். நடப்பது சனி தசையில் புதன் புத்தி. இந்தப் புத்தியின் மொத்த நீளம் 2 வருடம், 8 மாதம், 9 நாள். தனுசு இலக்கினத்துக்கு ஏழாம் வீடு மிதுனம் என்பதால், புதன் களத்திர ஸ்தானாதிபதி. திருமணப் பேச்சுக்கு உரிய காலம் என்று எந்தச் சாத்திரியாரும் சொல்லிவிடுவார். இதற்கு அடுத்து வருவது கேது புத்தி, 1 வருடம், 1 மாதம், 9 நாள். அதைப் பிரிவும் தடையும் உள்ள காலமாகவே வாசிப்பார்கள். ஆகவே சாதகம் தரும் பதில், "புதன் புத்தி முடிவதற்குள் பேசு" என்பது. பதில் தெளிவானதுதான், ஆனால் அதைக் கொண்டு நாள் குறிக்க முடியாது. அந்தப் புத்தியில் இன்னும் எட்டு மாதம் மிச்சமிருந்தால், எட்டு மாதத்தில் எந்த நாளும் சரியே என்று ஆகிவிடும்.

நாளைக் குறுக்கக் கோசாரத்துக்குப் போனால் பஞ்சாங்கச் சிக்கல் வருகிறது. திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29 அன்றே கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போய்விட்டது. வாக்கியப்படி அது நடந்தது 2026 மார்ச் 6 அன்று. கும்ப ராசிக்காரிக்கு இந்த இடைவெளி சின்ன விஷயமல்ல. அந்த இடைவெளி முழுக்க ஒருவர் "ஜென்மச் சனி, வாய் திறக்காதே" என்றிருப்பார். இன்னொருவர் "ஜென்மச் சனி போய்ப் பாதச் சனி நடக்கிறது, பேசலாம்" என்றிருப்பார். இரண்டு பேரும் தத்தம் கணக்கில் சரி. குறிப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று இடம் ஏறி இறங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஐயா, எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறீர்கள்?" என்பதுதான். அதைக் கேட்காமல் பலன்களை ஒப்பிடுவது வீண்.

இப்போது பிரசன்னம். அவள் கேட்டது 2026 மார்ச் 5, வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்வோம். அந்நேரத்து இலக்கினம் மிதுனம். இலக்கினம் கேட்பவளைக் குறிக்கும். நான்காம் வீடு தாய், ஒன்பது தந்தை, ஐந்து காதல், ஏழு துணை, இரண்டு குடும்பமும் வாக்கும். ஐந்தாம் அதிபதி சுக்கிரன் மீனத்தில் உச்சம். ஏழாம் அதிபதி குரு இலக்கினத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். உறவு நிலைக்குமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல அமைப்பை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் அவள் கேட்டது அதுவல்ல. சொல்வதைப் பற்றிக் கேட்டாள். அதற்கு ஒன்பதாம் வீடான கும்பத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சூரியன், செவ்வாய், ராகு, புதன் நான்கும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. அதிலும் புதன் அவளுடைய இலக்கினாதிபதி. அது வக்கிரத்தில், சூரியனுக்கு மிக அருகில் அஸ்தங்கமாகி நிற்கிறது. தந்தையின் முன் போய் நின்றால் சொல்ல வந்தது வாயில் வராது, வந்தாலும் கோபத்தில் முடியும் என்றே இதை வாசிக்க வேண்டும். மாறாக, வாக்குக்கு அதிபதியான சந்திரன் நான்காம் வீடான கன்னியில் இருக்கிறது. முதல் பேச்சு அம்மாவிடம். மூன்றாம் வீட்டில் கேது. அது செய்திக்கும் தூதுக்கும் உரிய வீடு. எனவே தொலைபேசிச் செய்தி வேண்டாம், தோழியை அனுப்பவும் வேண்டாம், நேரில் சொல்ல வேண்டும்.

'எப்படி' என்ற கேள்விக்குச் சாதகத்தால் இவ்வளவு நெருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. இந்த இடத்தில் நான் பிரசன்னத்தின் பக்கம்தான். ஆனால் அதன் பலவீனமும் இதே நாளில் தெரிகிறது. சந்திரன் கன்னியில் நிற்பது பிரசன்னத்துக்கு நல்லது. கும்ப ராசியில் பிறந்தவளுக்கோ கன்னி எட்டாம் இடம், அன்றைக்குச் சந்திராட்டமம். பிரசன்னத்தை மட்டும் கேட்டுவிட்டு அன்று மாலையே அம்மாவிடம் போய் உட்கார்ந்தால், சாதகக்காரர் தலையில் கைவைப்பார்.

ஆகவே யாரிடம், எப்படி என்பதைப் பிரசன்னத்திடமும், எதைத் தவிர்ப்பது என்பதைச் சாதகத்திடமும் கேட்பதே முறை. கணக்கைத் தொடர்வோம். பங்குனி பிறந்ததும் சூரியன் கும்பத்தை விட்டு வெளியேறும். மார்ச் 21 அன்று புதன் வக்கிரம் தீரும். ஏப்ரல் 2 அன்று செவ்வாயும் கும்பத்தை விட்டுப் போகும். ஏப்ரல் 11 அளவில் புதன் மீனத்துக்குப் போய் நீசமாகும், அதற்குப்பின் வாக்குக்குப் பலமில்லை. ஏப்ரல் 2 சந்திராட்டமம். அதைக் கழித்தால் மிஞ்சுவது ஏப்ரல் 3 முதல் 10 வரை. சித்திரை வருடப் பிறப்புக்கு உறவுக்காரர் வந்து வீடு நிறைவதற்கு முந்திய வாரம். கிரகத்தை நம்பாதவர்கூட அந்த வாரத்தை நல்ல வாரம் என்றுதான் சொல்வார். அம்மாவுக்குச் செய்தியை ஒரு வாரம் மனதில் வைத்திருக்கவும், தக்க நேரத்தில் அப்பாவின் காதில் போடவும் இடம் கிடைக்கும்.

கட்டத்தில் தெரியாத ஒன்று உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அம்மா கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், "பொடியன் என்ன குடி?" என்பதுதான். குடி தாய்வழியில் வருவது. ஒரே குடி என்றால் உடன்பிறப்பு முறை, வழக்கப்படி கல்யாணப் பேச்சே கிடையாது. ஆறு வருடம் பழகியும் அவனுடைய தாயின் குடியைக் கேட்டு வைக்காதவர்கள் இருக்கிறார்கள். நாள் பார்ப்பதற்கு முன் அதை விசாரித்துவிட வேண்டும். ஒரே குடி என்று தெரிந்தால் அந்தப் பேச்சுக்குத் தாய்மாமனின் துணை முதலிலேயே தேவைப்படும், நாளும் தள்ளிப்போகும்.

குடி பொருந்திவிட்டால் அடுத்ததாகப் பையனின் குறிப்பைக் கேட்பார்கள். அவனுக்குத் திருவோணம் என்றால் சிக்கல். சதயமும் திருவோணமும் கழுத்து ரச்சு. ஒரே ரச்சு என்பதால் பொருத்தமில்லை என்று ஒருவர் உடனே தாளை மடித்துவிடுவார். திருவோணம் ஆரோகணம், சதயம் அவரோகணம், அதனால் தோஷமில்லை என்று விதிவிலக்குக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊருக்குள் இருக்கும் சாத்திரியாரிடம் இதை முன்கூட்டிக் காட்டினால், அம்மாவுக்கு முன் சந்தைக்குச் செய்தி போய்விடும். வெளியூரில் ஒருவரிடம் இரண்டு குறிப்பையும் கொடுத்து, ரச்சுவைப் பற்றி அவர் சொல்வதை எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அம்மாவிடம் போகலாம்.