இரண்டாகப் பிரிப்பது இருவகை: கரட்சுபாவும் ஒன்றின் மூலங்களும்

n கெழுக்கள் கொண்ட இரண்டு பல்லுறுப்புக்கோவைகளைப் பள்ளியில் சொல்லித்தந்தபடி பெருக்கினால் n² பெருக்கல்கள் ஆகும். இதைக் குறைக்க இரண்டு வழிகள் பெயர்பெற்றவை. ஒன்று 1960-ல் கரட்சுபா கண்டது. மற்றொன்று கூலியும் டூக்கியும் 1965-ல் வெளியிட்ட வேக ஃபூரியே உருமாற்றம், அதாவது FFT. அதன் கரு 1805 வாக்கிலேயே காஸின் கையெழுத்துப் பிரதியில் இருந்தது. இரண்டுமே கணக்கைப் பாதியாகப் பிரித்துத் தீர்ப்பவைதான். ஆனால் எதைப் பிரிக்கிறோம் என்பதில் வேறுபடுகின்றன.

கரட்சுபா கோவையைக் கீழ்ப்பாதி, மேல்பாதி என்று நடுவில் வெட்டுகிறார். சாதாரணமாகத் தேவைப்படும் நான்கு பாதிப் பெருக்கல்களை, கொஞ்சம் கூட்டல் கழித்தலால் மூன்றாக்குகிறார். T(n) = 3T(n/2) + O(n) என்பதால் செலவு ஏறத்தாழ n^1.585.

FFT வழியில் இரு கோவைகளின் மதிப்புகளையும் சில புள்ளிகளில் கண்டு, அவற்றைப் பெருக்கி, மீண்டும் கெழுக்களுக்குத் திரும்புகிறோம். மதிப்புகளைக் காண, இரட்டைப்படை இடக் கெழுக்களை E என்றும் ஒற்றைப்படை இடக் கெழுக்களை D என்றும் கோவையை வெட்டுகிறோம்: A(x) = E(x²) + x·D(x²). இது மட்டும் போதாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோவையின் மதிப்பை 1, 2, 3, 4 என்ற புள்ளிகளில் கேட்டால், அவற்றின் வர்க்கங்கள் 1, 4, 9, 16. கோவை பாதியானாலும் புள்ளிகள் நான்காகவே நிற்கின்றன. கடைசிப் படி வரை அப்படியே போனால் செலவு மீண்டும் n² ஆகிவிடும். புள்ளிகளும் கோவையோடு சேர்ந்து பாதியாக வேண்டும். ஒன்றின் மூலங்கள், அதாவது n-ஆம் அடுக்கு 1 ஆகும் எண்கள், இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு ω-வுக்கும் −ω-வும் கூட்டத்தில் இருப்பதால், வர்க்கப்படுத்தினால் இரண்டிரண்டாக ஒன்றுசேர்கின்றன. T(n) = 2T(n/2) + O(n), அதாவது n log n.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். (1+2x)(3+4x) = 3+10x+8x² என்று நமக்குத் தெரியும். 17-ஆல் வகுத்த மீதிகளில் வேலை செய்வோம். அங்கே 4² = 16 ≡ −1. ஆகவே 1, 4, 16, 13 ஆகியவை ஒன்றின் நான்காம் மூலங்கள்; அவற்றின் வர்க்கங்கள் 1, 16 மட்டுமே. அந்த நான்கு புள்ளிகளில் முதல் கோவையின் மதிப்புகள் 3, 9, 16, 10. இரண்டாவதன் மதிப்புகள் 7, 2, 16, 4. ஒன்றுக்கொன்று பெருக்கி மீதி எடுத்தால் 4, 1, 1, 6. இனித் திரும்ப வர, அதே உருமாற்றத்தை ω = 4 என்பதன் தலைகீழான 13-ஐ வைத்துச் செய்து, 4-ஆல் வகுக்க வேண்டும் (4-இன் தலைகீழும் 13தான்). x⁰-இன் கெழு: (4+1+1+6)·13 = 156 ≡ 3. மற்றவை 10, 8, 0 என்று வருகின்றன.

இதே கணக்கை நான்குக்குப் பதில் 1, −1 என்ற இரண்டு புள்ளிகளில் செய்தால் 11+10x கிடைக்கும். x²-இன் 8 சுற்றி வந்து 3-உடன் கூடிவிட்டது. நீளத்தைச் சரியாக எடுக்காதவர்களுக்கு வரும் பிழை இதுவே. தொடக்கக் கெழுக்கள் மட்டும் தவறி, நடுவில் சரியாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கெழுப் பெருக்கல்களை மட்டும் எண்ணினால், n = 1024-இல் கரட்சுபாவுக்கு 59,049; FFT-க்கு (2048 நீளத்தில் மூன்று உருமாற்றங்கள் சேர்த்து) 35,840. இவ்வளவுதான் இடைவெளி. கலப்பெண் பெருக்கலின் கூடுதல் செலவையும் சேர்த்தால் கரட்சுபா முந்தவும் கூடும். n = 2^20 என்று போனால் சுமார் 349 கோடிக்கு எதிராக 6.8 கோடி. அங்கே போட்டியே இல்லை.

மூலங்களைக் கலப்பெண்களில் எடுப்பதா, பகா எண்ணின் மீதிகளில் எடுப்பதா? கெழுக்கள் முழு எண்களானால் என் வாக்கு மீதிகளுக்கே. ஒரு லட்சம் கெழுக்கள், ஒவ்வொன்றும் பத்து லட்சம் வரை என்றால், விடையின் ஒரு கெழு 10^17-ஐத் தொடலாம். டபுள் எண்ணால் எல்லா முழு எண்களையும் துல்லியமாகப் பிடிக்க முடிவது 2^53 வரை, அதாவது சுமார் 9×10^15 வரைதான். சிறிய சோதனைகளில் சரியாக வந்த நிரல் பெரிய உள்ளீட்டில் கடைசி இலக்கங்களைத் தவறவிடும். மீதிகளில் தசமப் பிழையே கிடையாது. ஆனால் உண்மையான கெழு பகா எண்ணைத் தாண்டினால் அதன் மீதிதான் கிடைக்கும்; மேலே 17-இல் 20 வந்திருந்தால் 3 என்றே தெரியும்.

நிரல்போட்டிகளில் 998244353 அடிக்கடி வருவதற்குக் காரணம், அது 119·2^23 + 1. அதனால் 2^23 நீளம் வரை மூலங்கள் உண்டு. 1000000007-க்கு அந்த வசதி இல்லை: ஒன்று குறைத்தால் 2 × 500000003, ஒரே ஒரு 2தான். அங்கே மூன்று பகா எண்களில் தனித்தனியே பெருக்கிச் சீன மீதித் தேற்றத்தால் இணைக்க வேண்டும். n சில ஆயிரத்துக்குள் என்றால் நான் கரட்சுபாவையே எழுதுவேன். அதற்கு மூலங்கள் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல் இருக்கும் எந்த எண்முறையிலும் அப்படியே ஓடும்.